தாராவி 90 அடி சாலை சமுதாயக் கூடத்தில் குழந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம்

நாள்: 2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை (மதியமும் இடைவெளி இல்லை)
இடம்: தமிழ்ச் சமுதாயக் கூடம், தரைத்தளம், பிள்ளையார் கோயில் சந்து, 90 அடி சாலை, தாராவி
யாருக்கு: பிறந்த குழந்தை முதல் 16 வயதுப் பிள்ளைகள் வரை, அப்புறம் கர்ப்பிணிகளுக்கும்
கட்டணம்: எதுவும் கிடையாது. ஊசி, சொட்டு மருந்து, கார்டு எல்லாமே இலவசம்.

அன்புள்ள பெற்றோர்களே,

பொங்கலுக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சில பிள்ளைகளுக்கு ஒரு தவணை விட்டுப்போயிருக்கும். சில பேர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், கைக்குழந்தையோடு இப்போதுதான் மும்பை வந்திருப்பீர்கள். முதல் ஊசி திருநெல்வேலியில் போட்டது, அடுத்ததை இங்கே எங்கே போடுவது என்று தெரியாமல் நாள் ஓடியிருக்கும். இந்த முகாமை முதலில் உங்களுக்காகத்தான் வைக்கிறோம். ஊசி போடுகிறவர்கள் மாநகராட்சி சுகாதார மையத்தின் நர்சுகள். நம் தெருக்களுக்கு வழக்கமாக வரும் ஆரோக்ய சேவிகாக்களும் கூட இருப்பார்கள்.

ஒரு தவணை தள்ளிப்போனதால் ஆரம்பத்திலிருந்து எல்லாம் மறுபடி போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அதனால் "ரொம்ப லேட் ஆயிடுச்சு, நர்சு திட்டுவாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். யாரும் திட்ட மாட்டார்கள், வாருங்கள்.

எந்த வயதுக்கு என்ன ஊசி

பிறந்தவுடன் போட வேண்டியவை மூன்று: காசநோய்க்கான பிசிஜி, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி, போலியோ சொட்டு. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆன குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே போட்டிருப்பார்கள், கார்டைப் பாருங்கள். பிசிஜி விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் போட்டுக்கொள்ளலாம். பிசிஜி போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சின்னதாக ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாக ஆறும். அது அப்படித்தான் ஆக வேண்டும், மருந்து எதுவும் தடவாதீர்கள். தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை.

அடுத்து ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். இந்த மூன்றும்தான் அதிகம் தவறிப்போகின்றன. பெண்டாவேலண்ட் என்ற ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. இதை இடது தொடையில் போடுவார்கள். நிமோனியாவுக்கான பிசிவி வலது தொடையில், போலியோ ஊசி வலது கையில். கூடவே போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்தும் வாயில் கொடுப்பார்கள். ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் ஒரே நாளில் மூன்று ஊசி வரும். இரண்டரை மாதத்தில் ஒரு ஊசிதான். "இத்தனை சின்னப் பிள்ளைக்கு மூன்று ஊசியா, ஒன்றை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா" என்று பல அம்மாக்கள் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரே நாளில் போடுவதால் கெடுதல் இல்லை. தள்ளிவைத்தால் அந்த ஒரு மாதமும் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்காது. கக்குவான் இருமல் மோசமாகத் தாக்குவது இந்தப் பச்சைக் குழந்தைகளைத்தான்.

ஒன்பது மாதம் முடிந்ததும் மணல்வாரி, ரூபெல்லா ஊசி முதல் தவணை. அதோடு பிசிவி, போலியோ ஊசி, வைட்டமின் ஏ மருந்தும் உண்டு. 16 முதல் 24 மாதத்துக்குள் மணல்வாரி, ரூபெல்லா இரண்டாம் தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான டிபிடி பூஸ்டர், போலியோ சொட்டு. வைட்டமின் ஏ ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வயது வரை. பள்ளிக்குப் போகும் 5, 6 வயதில் இன்னொரு டிபிடி. 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசி. பெரிய பிள்ளைகளுக்கு ஊசி உண்டு என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அண்ணனையும் அழைத்து வந்துவிடுங்கள்.

மணல்வாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

2022 கடைசியில் மும்பையில் மணல்வாரி பரவியது. இங்கே மராத்தியில் கோவர் என்பார்களே, அதுதான். கோவண்டியில் குழந்தைகள் இறந்துபோனார்கள். நெருக்கமான வீடுகள், ஒரே அறையில் ஐந்தாறு பேர், காற்றோட்டம் குறைவு, இதெல்லாம் நம் தாராவியிலும் உண்டு. மணல்வாரி காற்றில் பரவும். நோய் வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கே இருக்கும். நம் வீடுகளில் "அம்மன் வந்திருக்கு" என்று வேப்பிலை கட்டி, விளக்கேற்றி, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வேப்பிலை கட்டுங்கள், கும்பிடுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மணல்வாரி முற்றினால் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரும், கண் பார்வையும் போகலாம். இரண்டு தவணை ஊசி போட்டிருந்தால் இந்தப் பயம் வெகுவாகக் குறையும். முதல் தவணை போட்டு இரண்டாவதை விட்டவர்கள் நம் சந்துகளில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும் வரை போடலாம், இந்த முகாமில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வீடாக வந்து கொடுக்கும் போலியோ சொட்டு கூடுதல் பாதுகாப்புக்கு. அதை வாங்கிவிட்டோமே என்று கார்டில் உள்ள தவணைகளை விட்டுவிடக் கூடாது.

என்ன கொண்டு வர வேண்டும்

குழந்தையின் தடுப்பூசிக் கார்டு. அது எந்த ஊர்க் கார்டாக இருந்தாலும் சரி. ஊரில் கொடுத்த தமிழ்க் கார்டை இங்குள்ள நர்சு படிக்க முடியாதே என்று கவலை வேண்டாம். நுழைவாயிலில் நம் தன்னார்வலர்கள் இருப்பார்கள். கார்டைப் படித்து, எந்தத் தேதியில் என்ன போட்டிருக்கிறது என்று மராத்தியில் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். கார்டு தொலைந்துபோயிருந்தாலும் வாருங்கள். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி பெயர், பிறந்த தேதி, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று சொன்னால் போதும். ஊர் கிராம நர்சின் நம்பர் இருந்தால் அங்கிருந்தே அவரிடம் பேசிக் கேட்டுக்கொள்வோம். புதுக் கார்டும் தருவார்கள்.

யூ-வின் என்ற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவுக்கு உங்கள் போனையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். ஆதார் இல்லை, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, வாடகை வீடு என்ற காரணங்களுக்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப மாட்டோம். இது குழுவின் முடிவு, சுகாதார மையமும் ஒத்துக்கொண்டிருக்கிறது.

கை, தொடை இரண்டையும் எளிதில் திறக்கும்படி தளர்வான உடை போட்டு வாருங்கள். பிள்ளை பசியோடு இருக்க வேண்டாம், வருமுன் பால் கொடுங்கள். சொட்டு மருந்து கொடுத்த உடனேயும் தாய்ப்பால் கொடுக்கலாம். பால் கொடுக்கத் தனியாகத் திரை போட்ட இடம் இருக்கும்.

சளி, லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். கடுமையான காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு ஊசி போட்டபோது மூச்சுத்திணறலோ வலிப்போ வந்திருந்தால், குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், நர்சிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூடத்தில் என்ன நடக்கும்

நுழைந்ததும் டோக்கன். இட்லி வியாபாரத்துக்குப் போகும் வீடுகள் காலையில் வர முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக மதியம் 1 மணிக்கு மேல் தனி வரிசை வைத்திருக்கிறோம். அப்பாக்களும் வரலாம், வர வேண்டும். பட்டறைக்கு லீவு நாள் பார்த்துத்தான் ஞாயிறு வைத்தோம்.

குழந்தையை மடியில் உட்காரவைத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நர்சு ஒவ்வொரு குழந்தைக்கும் புது சிரிஞ்சை உங்கள் கண் முன்னால் உறை பிரிப்பார். அந்த சிரிஞ்ச் ஒரு முறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், இரண்டாம் முறை மருந்து ஏற்ற முடியாது. பல மருந்துக் குப்பிகளின் மேல் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். வட்டத்தை விடச் சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், காட்டுவார்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஊசி போட்டதும் எழுந்து ஓடிவிடாதீர்கள். அரை மணி நேரம் கூடத்திலேயே உட்காருங்கள். ஒவ்வாமை ஏதும் வந்தால் உடனே கவனிக்க டாக்டரும் மருந்தும் அங்கேயே இருக்கும். கிளம்புமுன் என்ன ஊசி போட்டார்கள், அடுத்தது எப்போது என்று கேட்டு, கார்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவக்கலாம். மணல்வாரி ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சலும் தடிப்பும் சில பிள்ளைகளுக்கு வரும், தானே போய்விடும். காய்ச்சலுக்கு நர்சு சொன்ன அளவில் மட்டும் பாராசிட்டமால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, மஞ்சள் பற்றும் எண்ணெயும் வேண்டாம். பால் வழக்கம் போலக் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு போனாலோ காத்திருக்காதீர்கள். சயான் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த தவணைக்கு இதே கூடத்தில் மார்ச் 8, ஞாயிறு மறுபடி முகாம் உண்டு. அதற்கடுத்தது ஏப்ரல் 12. ஏப்ரல் 5 ஈஸ்டர் என்பதால் ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறோம். இரண்டு தவணைக்கு நடுவில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்பதற்கு இந்தத் தேதிகள் சரியாக வரும்.

சந்தேகம் இருந்தால் தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை சமுதாயக் கூட அலுவலகத்துக்கு வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் தெரு ஆரோக்ய சேவிகாவிடம் கேளுங்கள். முன்பதிவு தேவையில்லை. பக்கத்து வீட்டில் தமிழ் படிக்கத் தெரியாத அக்காவோ பாட்டியோ இருந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள். மராத்தி, இந்தி, உருது பேசும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் இந்த முகாம் உண்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சமுதாயக் கூட நிர்வாகக் குழு
90 அடி சாலை, தாராவி, மும்பை