நோயாளர் கோப்புகளுக்கு எண்வரிசை, பெயர்வரிசை அட்டவணை வேண்டி

யாங்கோன்
3-6-2024

மதிப்பிற்குரிய தலைமை மருத்துவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பதிவறையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். நேரில் சொல்ல வந்தால் நோயாளிகளின் வரிசை இடையில் நிற்கிறது, அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு அம்மா காய்ச்சலோடு வந்தார். தன் பெயர் மாரியம்மாள் என்றார். தேடினேன், இல்லை. புதுக் கோப்பு போட்டு உள்ளே அனுப்பினேன். ஊசி போடுவதற்கு முன் நர்ஸம்மா முகத்தைப் பார்த்து, "இவங்க டோ மியா மியா இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பெயரில் பழைய கோப்பு இருந்தது. அதன் மேலட்டையில் பென்சிலின் ஒவ்வாது என்று சிவப்பு மையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நர்ஸம்மா அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது ஒவ்வொரு வருடமும் நோயாளிக்குப் புது எண் கொடுத்து, வருடவாரியாகக் கட்டி வைக்கிறோம். ஒருவருக்கு ஐந்து வருடக் கட்டுகளில் ஐந்து கோப்பு. ஒரே ஆளுக்கு ஒரே எண், அது ஆயுளுக்கும் மாறக் கூடாது என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அடையாள அட்டை எண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நம் மக்களில் பலரிடம் அட்டையே கிடையாது, குழந்தைகளுக்கும் இராது. அதனால் எண் நம்முடையதாகவே இருக்கட்டும்.

எண்ணை ஆறு இலக்கமாகப் போட்டு, கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்கலாம். 01-47-32 என்றால் 32-ஆம் தட்டுக்குப் போய், அதில் 47, அதில் 01 என்று பார்க்க வேண்டும். 00 முதல் 99 வரை நூறு தட்டு. நம்மிடம் உள்ள கோப்புகள் சுமார் 12,000, தட்டுக்கு 120 வரும். புதுக் கோப்புகள் எல்லாத் தட்டிலும் பரவி விழுவதால், இப்போது போல கடைசி அலமாரி மட்டும் பிதுங்காது. கோப்பை யாராவது எடுத்தால், அந்த இடத்தில் தேதியும் எடுத்தவர் பெயரும் எழுதிய ஒரு சிவப்பு அட்டையைச் செருகிவிட வேண்டும். மருத்துவர்களும் இதைச் செய்தால்தான் பலன் உண்டு ஐயா.

எண்ணை மறந்து வருபவர்களுக்குத்தான் பெயர் அட்டை. இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. சின்ன வயதில் மௌங், அப்புறம் கோ, பிறகு ஊ என்று முன்னொட்டு வயதோடு மாறிவிடும். அதனால் முன்னொட்டை விட்டுவிட்டு, பெயரின் முதல் எழுத்தில் தொடங்க வேண்டும். சிலருக்கு மௌங் என்பதே பெயரின் பகுதி, அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நம் ஆட்களுக்கோ வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். இருவகைப் பெயருக்கும் தனித்தனி அட்டை போட்டு, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினால் மாரியம்மாளும் மியா மியாவும் ஒரே கோப்பில் வந்து சேருவார்கள். ர, ய இரண்டையும் ஒரே இழுப்பறையில் வைக்கலாம். ரங்கூன் யாங்கோன் ஆனது போலத்தான், ராமுவைக் காதால் கேட்டு எழுதும் பிள்ளைகள் யாமு என்றும் எழுதிவிடுகிறார்கள்.

அட்டையில் தகப்பனார் பெயர், தெரு, பிறந்த கிழமை, கோப்பு எண் இருந்தால் போதும். பிறந்த வருடம் கேட்டால் தடுமாறும் பாட்டிகூட கிழமை கேட்டால் உடனே சொல்லிவிடுவார். புதன் காலையா மாலையா என்றுகூடத் தெரியும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் கிழமை பிரித்துக் காட்டிவிடும். நோயின் பெயர் அட்டையில் வேண்டாம். யாரும் எட்டிப் பார்க்கக்கூடிய மேசை அது.

கணினி வாங்கலாம் என்று குழுவில் பேச்சு இருக்கிறது. நல்லதுதான், வரட்டும். ஆனால் மின்சாரம் போன நேரத்திலும் நோயாளி வருகிறார். டார்ச் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்துவிடலாம். நாளைக்குக் கணினி வந்தால் இதே எண்ணை அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. ஜூலை 1 முதல் வரும் புது ஆட்களுக்குப் புது எண். பழையவர்களுக்கு அவர்கள் வரும் நாளில் ஐந்து கோப்பையும் ஒன்றாகக் கட்டி எண் போடுகிறேன். எனக்கு வேண்டியது இழுப்பறை உள்ள ஒரு பெட்டி, கெட்டி அட்டை, பிற்பகலில் இரண்டு மணி நேரம் உதவிக்கு ஒரு பிள்ளை. கீழ்த் தட்டுகள் மழையில் ஈரம் இழுப்பதால், அடுக்கும்போதே அவற்றை ஒரு சாண் உயர்த்திவிட்டால் நல்லது.

மாதிரிக்குப் பத்து அட்டை எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவு முடிந்ததும் கொண்டுவந்து காட்டலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
பதிவறை எழுத்தர்