கடலை மிட்டாய் K315, K316 தொகுதிகளைத் திரும்பப் பெறுவது குறித்த அறிவிப்பு

கோவில்பட்டி, 27-11-2025

எங்களிடம் கடலை மிட்டாய் வாங்கிய அனைவருக்கும், அதை விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 11, 12 ஆகிய இரு நாள்களில் எங்கள் தயாரிப்பகத்தில் செய்து பொதியிட்ட கடலை மிட்டாயை யாரும் உண்ண வேண்டாம் என்றும், கைவசம் உள்ளதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறோம். இவற்றின் தொகுதி எண்கள் K315, K316. மறுநாள் செய்த K317 தொகுதியின் ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை என்பதால் அதன் விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறோம். மற்ற நாள்களின் தயாரிப்புகளில், இவற்றுக்குப் பயன்படுத்திய நிலக்கடலை சேரவில்லை.

சாத்தூர்க் கடைக்காரர் ஒருவர், இரண்டு வாடிக்கையாளர்கள் மிட்டாய் கசப்பதாகச் சொன்னார்கள் என்று நவம்பர் 19 அன்று எங்களிடம் தெரிவித்தார். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நாங்கள் எடுத்து வைக்கும் மாதிரிப் பொட்டலங்களை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 25ஆம் தேதி மாலை வந்த அறிக்கையின்படி, K315 மாதிரியில் கிலோவுக்கு 34 மைக்ரோகிராமும், K316 மாதிரியில் 27 மைக்ரோகிராமும் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு இருந்தது. மிட்டாய் போன்றவை செய்ய வாங்கும் நிலக்கடலைப் பருப்பிலேயே 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அறிக்கை வந்த அன்றிரவே கிடங்கில் இருந்த சரக்கைப் பூட்டினோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி மாவட்ட நியமன அலுவலருக்கும் மறுநாள் காலை எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம்.

அஃப்ளடாக்சின் என்பது ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. வறுத்தாலும் பாகில் போட்டுக் காய்ச்சினாலும் அது முற்றாக அழிவதில்லை. ஆகவே வீட்டில் மறுபடியும் சூடாக்கி உண்ணலாம் என்று எண்ண வேண்டாம். நஞ்சு இருந்தும் கசக்காத கடலை உண்டு என்பதால், உங்கள் பொட்டலம் சுவையாகவே இருந்தாலும் தொகுதி எண்ணை மட்டுமே நம்புங்கள். இரண்டொரு துண்டு உண்டவர்கள் பதறத் தேவையில்லை. இந்த நஞ்சின் முதன்மையான கேடு, நெடுநாள் தொடர்ந்து உடலில் சேர்வதால் கல்லீரலுக்கு வருவது. ஆயினும் கல்லீரல் நோய் உள்ளவர்களும், உண்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ கண்ணில் மஞ்சள் நிறமோ கண்டவர்களும் மருத்துவரைப் பார்த்து, இந்த அறிவிப்பையும் அவரிடம் காட்டுங்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நவம்பர் 7 அன்று மழைக்கிடையே வந்து இறங்கிய 42 மூட்டைகளில் அடியில் கிடந்த சில மூட்டைகளின் சாக்கு நனைந்திருந்தது. மேல் மூட்டைகளில் கைவிட்டு அள்ளிப் பார்த்து, பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டோம். விற்றவர் காட்டிய தரச்சான்று அதற்கு முந்தைய சரக்குக்கு உரியது என்பதை இப்போதுதான் கவனித்தோம். அதை அன்றே படித்துப் பார்த்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

உங்களிடம் உள்ளது இந்தத் தொகுதிதானா என்று அறிய, மஞ்சள் உறையில் சிவப்பு எழுத்துள்ள 200 கிராம் பொட்டலத்தின் பின்புறம், ஒட்டிய மடிப்புக்குச் சற்றுக் கீழே பாருங்கள். கறுப்பு மையில் சிறு புள்ளிகளாக முதல் வரியில் தொகுதி எண்ணும், அடுத்த வரியில் தயாரித்த தேதியும் இருக்கும். எண்ணில் உள்ள 315 என்பது ஆண்டின் 315ஆவது நாளைக் குறிக்கும். வெல்லப்பிசுக்கு பட்டு 5 என்பது 6 போலவோ 8 போலவோ தெரிந்தால் தேதியைப் பாருங்கள். இரண்டுமே அழிந்திருந்தால் பாதிக்கப்பட்ட பொட்டலமாகவே கருதித் திருப்பிக் கொடுங்கள்.

ஜாடியிலிருந்து ஒன்றிரண்டாக எடுத்து விற்கும் துண்டுகளில்தான் சிக்கல். எண் ஜாடியின் மூடியில் மட்டுமே உண்டு, துண்டைச் சுற்றிய தாளில் இல்லை. பழைய ஜாடி தீருமுன் புதியதை அதிலேயே கொட்டுவதும் கடைகளில் வழக்கம்தான். ஆகவே நவம்பர் 12க்குப் பிறகு பெட்டிக்கடையிலோ பேருந்து நிலையத்திலோ எங்கள் மிட்டாயைச் சில்லறையாக வாங்கியிருந்தால், எண்ணைத் தேடாமல் மீதமுள்ள எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய கடையிலேயே கொடுக்கலாம், பில் வேண்டாம். பிரித்து அரைவாசி உண்ட பொட்டலமானாலும் முழு விலையான 70 ரூபாயையும், சில்லறைத் துண்டுக்கு 5 ரூபாயையும் கடைக்காரர் உங்களுக்குப் பணமாகவே தருவார். மாற்றுப் பொட்டலம் வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். கூரியரில் வரவழைத்தவர்களுக்குக் கட்டணம் செலுத்திய முகவரிச்சீட்டு ஒன்று அனுப்புகிறோம். அதை ஒட்டிக் கூரியர் அலுவலகத்தில் கொடுத்தால் போதும், சரக்கு வந்து சேரக் காத்திராமல் அனுப்பிய ரசீதைக் கண்டதும் பணம் அனுப்பிவிடுவோம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்ப வேண்டாம்: எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டு, மிட்டாயை நொறுக்கி, உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உள்ளூரில் இருப்பவர்கள் தாங்களாகக் குப்பையில் கொட்ட வேண்டாம். முக்கியமாக, வீணாகிறதே என்று மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள். கறவை மாடு தின்றால் இந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்தப் பால் குழந்தைகளுக்கே போய்ச் சேரும். திரும்பி வரும் சரக்கு முழுவதையும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்னிலையில் எண்ணி அழிக்கவிருக்கிறோம்.

கடைக்காரர்கள் இந்த இரு தொகுதிகளையும் இன்றே விற்பனைத் தட்டிலிருந்து எடுத்து, தனிப் பெட்டியில் கட்டி, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். இரு தொகுதிகளிலும் சேர்த்து 1,840 பொட்டலங்களும் 96 ஜாடிகளும் செய்தோம். அவற்றில் 310 பொட்டலங்களும் 11 ஜாடிகளும் எங்கள் கிடங்கில் உள்ளன, மீதியில் எவ்வளவு உங்களிடம் விற்காமல் இருக்கிறது என்று நாளை மாலைக்குள் சொன்னால் கணக்கு நேராகும். எங்கள் வண்டி செவ்வாயும் வெள்ளியும் வந்து எடுத்துக்கொள்ளும். சரக்கின் விலையையும், நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பணத்தையும் அப்போதே தந்துவிடுவோம்.

K317 தொகுதியில் அதே சரக்கின் கடைசி 3 மூட்டைகள் வேறு பருப்போடு கலந்திருக்கின்றன. அதில் 40 பொட்டலங்கள் மட்டும் கோவில்பட்டியில் இரண்டு கடைகளுக்குப் போயுள்ளன. டிசம்பர் 3 அன்று வரவிருக்கும் முடிவு, அந்தக் கடைகளில் எழுதி ஒட்டப்படும். அதுவரை அவற்றை உண்ணாமல் வைத்திருங்கள். காத்திருக்க விருப்பமில்லையென்றால் மேலே சொன்னபடியே கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளலாம்.

ஐயம் எதுவானாலும் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு, ஞாயிறு உட்படக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அழையுங்கள். படங்களையும் அதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கடைகளில் டிசம்பர் 31 வரை திருப்பிக் கொடுக்கலாம். அதன் பிறகு கண்ணில் படும் பொட்டலங்களை நேராக எங்கள் தயாரிப்பகத்தில் கொடுத்து, அதே விலையைப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கடலை மிட்டாய்த் தயாரிப்பகம், கோவில்பட்டி