பம்ப் விழுந்தது: மூன்று வாக்குமூலமும் விசாரணைக் குழுவின் குறிப்பும்

1,800 கிலோ பம்பை ஓவர்ஹெட் கிரேனில் தூக்கியபோது, தரையிலிருந்து அரை மீட்டரில் இரண்டு பெல்ட் ஸ்லிங்கில் ஒன்று அறுந்தது. காயம் யாருக்கும் இல்லை. கிரேன் ஓட்டுநர், பாரத்தைக் கட்டிய ரிக்கர், சூப்பர்வைசர் மூவரையும் தனித்தனியே கேட்டோம்.

கிரேன் ஓட்டுநர்: "ரிக்கர் கையைக் காட்டினப்புறம்தான் பட்டனைத் தொட்டேன். மெதுவாத்தான் தூக்கினேன். பெல்ட் பழசு, அது தாங்கலை."

ரிக்கர்: "நான் கையே காட்டலை. விளிம்பு பெல்ட்டை வெட்டாம இருக்க ஒரு பக்கம்தான் பேட் வச்சிருந்தேன், இருந்ததே ஒண்ணு. மறுபக்கத்துக்குச் சாக்கை மடிச்சிட்டிருந்தேன், அதுக்குள்ள வெடுக்குன்னு இழுத்துட்டார்."

சூப்பர்வைசர்: "ரெண்டு பக்கமும் பேட் வைக்கச் சொன்னேன், வச்சதையும் மேற்கு வாசல்லேர்ந்து பார்த்தேன். மெதுவாத்தான் தூக்கினார். பெல்ட் பழசு, அது தாங்கலை."

குழுவின் குறிப்பு:

ஓட்டுநரும் சூப்பர்வைசரும் ஒரே வாக்கியத்தை எழுத்து மாறாமல் சொல்கிறார்கள். இடையில் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால், இதை இரண்டு சாட்சிகளின் ஒற்றுமையாக எண்ணவில்லை. ஒரே சாட்சியாக வைத்தோம். பெல்ட்டும் அவர்கள் பக்கம் பேசவில்லை. அறுந்த முகத்தில் பாதி அகலம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது, மீதிப் பாதிதான் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. நேரான பாதியில் பம்பின் அடித்தட்டுப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. ஆக, முதலில் விளிம்பு வெட்டியது, மிச்சம் பாரத்தில் போனது.

மேற்கு வாசலிலிருந்து பார்த்தால் பம்பின் மறுபக்கத்தை மின்பெட்டி மறைக்கிறது. வெட்டுப்பட்டது அந்தப் பக்கம்தான். கீழே கிடைத்த பேடும் ஒன்றே. எனவே சூப்பர்வைசர் 'சொன்னேன்' என்பது நடந்திருக்கலாம், 'பார்த்தேன்' என்பது நிற்காது.

பேட் பற்றி ரிக்கர் சொன்னது அவருக்கே பாதகமானது, அதனால் அதற்கு எடை அதிகம். ஆனால் 'கை காட்டலை' அவருக்குச் சாதகமானது. முன்னதை நம்பினோம் என்பதற்காகப் பின்னதை நம்பிவிட முடியாது.

மூவரும் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. ஸ்லிங் நீளம் போதவில்லை. கொக்கியிலிருந்து பெல்ட் கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 30 டிகிரியில் படுத்திருந்தது. நேராகத் தொங்கினால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் 900 கிலோ. 30 டிகிரியில் 1,800. டேக்கில் உள்ள அனுமதி 1 டன். இந்த வகை பெல்ட்டின் பாதுகாப்புக் காரணி 7, அதாவது அனுமதியைப்போல் ஏழு மடங்கு தாங்கும்படி செய்யப்பட்டது என்பதால் கோணம் மட்டும் அறுத்திருக்காது. பேட் இல்லாத விளிம்பில் வெட்ட அது போதும். கட்டியவர் ரிக்கர், அனுமதித்தவர் சூப்பர்வைசர், கண்ணெதிரே பார்த்துத் தூக்கியவர் ஓட்டுநர். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் சேர்ந்து மௌனமாக இருக்கிறார்கள்.

சைகை, இழுத்த வேகம் இரண்டுக்கும் கருவிப் பதிவு இல்லை. இரு கூற்றையும் அப்படியே பதிந்தோம். நடுவே ஒரு சமரசம் எழுதவில்லை. மூவரிடமும் மறுபடி, தனித்தனியே, ஒரே கேள்வி: இந்த நீளத்து ஸ்லிங்கை எடுத்து வரச் சொன்னது யார்?