உப்புவெளிக் காணி வினா: உமது விடையைத் திருப்பி எழுதியிருக்கிறேன்

தம்பிக்கு,

நீர் தந்த ஐந்து பக்கத்தையும் நேற்றிரவு இரண்டு தரம் வாசித்தேன். சட்டம் உமக்குத் தெரிந்திருக்கிறது. எந்த வழக்கு எதற்கு உதவும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் விடையைத் திருத்துகிறவர் நான்காம் பக்கம் வரை வந்த பிறகுதான் நீர் எந்தப் பக்கம் நிற்கிறீர் என்று கண்டுபிடிப்பார். முதற்பக்கத்தில் இருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்துத் தருகிறேன், ஆறுதலாக வாசித்துப் பாரும்:

"இங்கே அண்ணன் 1996 முதல் காணியில் இருக்கிறார், சோலைவரியும் அவர்தான் கட்டுகிறார், வீடும் கட்டிவிட்டார், தங்கை கனடாவில் என்பதால் இது ஆட்சியுரிமைப் பிரச்சினை, பத்து வருடம் போதும், ஆனால் கொரெயா வழக்கில் அப்படி இல்லை, மேலும் இவர்கள் தமிழர் என்பதால் தேசவழமையும் பார்க்க வேண்டும், யுத்தகாலம் என்பதால் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் வரும், எப்படியோ தங்கை பாவம், அவளுக்கும் பங்கு இருக்கிறது, ஆனால் அண்ணன் 25 வருடம் பாதுகாத்திருக்கிறார்."

ஒரே வசனத்தில் ஆறு விடயம் வருகிறது, ஒன்றாவது முடியவில்லை. கீழே உமது விடையையே எழுவினா, சட்டவிதி, பிரயோகம், முடிவு என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நீர் எழுதியதுதான். நான் இடம் மாற்றினேன், சிலதை வெட்டினேன், விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்தேன். வெட்டியவற்றுக்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுவினா

உப்புவெளியில் உள்ள 80 பேர்ச் காணியின் சொந்தக்காரரான தந்தை, 1996இல் மரணசாசனம் எழுதாமல் இறந்தார். மனைவி அவருக்கு முன்பே இறந்துவிட்டார். இருப்பது மகனும் மகளும் மட்டுமே. மகள் 1994இல் திருமணமாகிக் கனடா சென்றவர். காணியில் தனியே வசித்துவந்த மகன், 2013இல் ஒரு நொத்தாரிசிடம் காணி முழுவதும் தனக்கே உரியது என்று பிரகடன உறுதி முடித்தார். மகள் 2021இல் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குத் தாக்கல் செய்தார். கூட்டுச் சொந்தக்காரரான எதிராளி, வழக்காளியின் அரைப் பங்கின் மீது ஆட்சியுரிமையால் உரித்துப் பெற்றுவிட்டாரா?

சட்டவிதி

இருவரும் சமபங்குக்காரர் என்பதில் தகராறு இல்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பெற்றோர் இருவரும் இல்லாத நிலையில் பிள்ளைகள் சமமாகப் பெறுவர்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வழக்குத் தாக்கல் செய்வதற்கு முந்திய பத்து வருடங்கள் தடையும் இடைமுறிவும் இல்லாத ஆட்சியைக் கேட்கிறது. அந்த ஆட்சி மற்றவரின் உரித்துக்கு எதிரானதாகவோ அதைச் சாராததாகவோ இருக்க வேண்டும். வாடகை கொடுத்தல், விளைச்சலில் பங்கு கொடுத்தல், அல்லது மற்றவருக்கும் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதாக இயல்பாகக் கருதக்கூடிய வேறு எந்தச் செயலும் அந்த ஆட்சியோடு சேர்ந்திருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கூட்டுச் சொந்தக்காரர்களுக்கிடையில் தனியே இருந்தது மட்டும் போதாது. கொரெயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி (1911) வழக்கில், இறந்த சகோதரனின் காணியை இசெரிஸ் தனியே ஆண்டார். சகோதரிமாருக்கும் அதில் பங்கு இருந்தது. ஒரு கூட்டுச் சொந்தக்காரரின் ஆட்சி சட்டத்தின் பார்வையில் எல்லோருடைய ஆட்சியும்தான் என்று பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. மனதுக்குள் எண்ணம் மாறினால் போதாது. மற்றவரின் உரிமையை மறுத்து வெளியே தள்ளியதற்கு, அதாவது அவுஸ்டருக்கு, அல்லது அதற்கு ஈடான ஒரு செயலுக்குச் சான்று வேண்டும்.

இந்த விதியின் கடுமையை திலகரத்ன எதிர் பஸ்தியன் (1918) தளர்த்தியது. நீண்டகாலம் ஒருவர் தனியே ஆண்டிருந்தால், வழக்குக்குப் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஆட்சி எதிரானதாக மாறிவிட்டது என்று கொள்வது நியாயமா என்பது, அந்தந்த வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்த நிகழ்வு வினா என்றது நீதிமன்றம். மாறாக, மரியா பெர்னாண்டோ எதிர் அந்தோனி பெர்னாண்டோ (1997) வழக்கில், நீண்டகால ஆட்சி, வரி கட்டுதல், விளைச்சலை எடுத்தல், வரைபடம் தயாரித்தல், வீடு கட்டி வாடகைக்கு விடுதல் ஆகியவை வெளிப்படையான அவுஸ்டர் இல்லாதவிடத்துப் போதாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

பிரயோகம்

எதிராளி 1996இல் காணிக்குள் வந்தது ஒரு வாரிசாக. அன்று அவருடைய ஆட்சி வழக்காளிக்கும் சேர்ந்த ஆட்சியாகவே தொடங்கியது. அது எப்போது மாறியது என்பதை நிரூபிக்கும் சுமை அவருடையது.

அவர் முன்வைப்பவை சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், தேங்காய் விற்ற பணம், 2001இல் கட்டிய வீடு. மரியா பெர்னாண்டோ தீர்ப்பின்படி இவை மூன்றும் சேர்ந்தாலும் அவுஸ்டர் ஆகா. கூட்டுக் காணியில் குடியிருப்பவர் வரி கட்டுவதும் தேங்காய் பறிப்பதும் வழமை. வெளிநாட்டில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் பங்கு பறிபோகிறது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

எதிராளியின் வலிமையான வாதம் திலகரத்ன வழக்கை அடிப்படையாகக் கொண்டது: 1996 முதல் 2021 வரை 25 வருடத் தனி ஆட்சி. ஆனால் அந்தத் தீர்ப்பு சூழ்நிலை முழுவதையும் பார்க்கச் சொல்கிறது, இங்கு சூழ்நிலை அவருக்குப் பாதகமாக இருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் கிணறு உப்புநீரால் நிரம்பியபோது, இறைத்துத் துப்புரவாக்க வழக்காளி பணம் அனுப்பினார். 2005 பெப்ரவரியில் எதிராளி எழுதிய பதில் கடிதத்தில் "எங்கட காணிக் கிணறு இப்ப குடிக்கலாம்" என்ற வரி இருக்கிறது. 2010இல் வழக்காளி ஊர் வந்து அதே வீட்டில் மூன்று வாரம் தங்கினார். திரும்பும்போது அந்த வருடத் தேங்காய்க் காசில் ஒரு பகுதியை எதிராளி அவர் கையில் கொடுத்தார். விளைச்சலில் பங்கு கொடுத்தது 3ஆம் பிரிவு நேரடியாகக் குறிப்பிடும் செயல். கடித வரி, மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படக்கூடிய செயல். இரண்டும் இருக்க, 2010க்கு முன்பே ஆட்சி எதிரானதாக மாறிவிட்டது என்று கொள்வது நியாயமாகாது.

மிஞ்சுவது 2013ஆம் ஆண்டுப் பிரகடன உறுதி. வழக்காளிக்கு அறிவிக்காமல் முடித்த உறுதி வெளிப்படையான மறுப்பாகாது என்று வாதிடலாம். அந்த வாதம் தோற்றாலும், உறுதியையே அவுஸ்டராக எடுத்துக்கொண்டாலும், 2013இலிருந்து 2021 வரை எட்டு வருடம்தான். 3ஆம் பிரிவு கேட்கும் பத்து வருடம் நிறையவில்லை.

முடிவு

எதிராளி ஆட்சியுரிமையால் உரித்துப் பெறவில்லை. வழக்காளி அரைப் பங்குக்கு, அதாவது 40 பேர்ச்சுக்கு, உரியவர். எதிராளி கட்டிய வீடு, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் அவர் செய்த மேம்படுத்தலாகக் கருதப்படும். இயன்றவரை அந்த வீடு நிற்கும் பகுதியை அவருக்கே ஒதுக்குமாறு கேட்க அவருக்கு இடமுண்டு.

இதுதான் விடை. இனி வெட்டியவை.

தேசவழமைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தீர். அது எல்லாத் தமிழருக்கும் பொருந்தும் சட்டமல்ல, வடமாகாணத் தமிழருக்குரியது. உப்புவெளிக் குடும்பம் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று வினாவில் எங்கும் இல்லை. எங்கட ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் சறுக்குவதை வருடா வருடம் பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் யுத்தத்தினால் தம் உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கானது. வினாவில் தங்கை போனது திருமணத்துக்காக. யுத்தம் அவரைத் தடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு நெருக்கமான சட்டம், உள்ளே இழுக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனாலும் வினாவில் இல்லாத நிகழ்வை நாங்கள் உண்டாக்க முடியாது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் வரும் கடல்கடந்து இருத்தலும் அதுபோலத்தான்: கடிகாரமே ஓடத் தொடங்கவில்லை என்று நிறுவிய பிறகு, அதை நிறுத்தும் காரணம் தேவையில்லை. நேரம் இருந்தால் பிரயோகத்தின் கடைசியில் ஒரு வரி போடலாம், அவ்வளவுதான்.

"தங்கை பாவம்" என்பதையும் "அண்ணன் 25 வருடம் பாதுகாத்திருக்கிறார்" என்பதையும் எடுத்தேன். ஆனால் அண்ணன் மீது உமக்கிருந்த அந்த இரக்கம் பிழையானதல்ல. அது வீட்டுக்கான பகுதியில், முடிவின் கடைசி வசனத்தில், சட்டமாகவே வந்திருக்கிறது பாரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடித வரி. வினாத்தாளில் அது ஒரு மூலையில் கிடந்தது. வகுப்பில் மற்றவர்கள் தாண்டிப்போனதை நீர் பிடித்திருக்கிறீர், ஆனால் நான்காம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர். வழக்கின் தலைவிதியை மாற்றும் சான்றை அங்கே வைக்கலாமா? எதிராளியின் வலிமையான வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லி, உடனே அதற்கு எதிரே வைக்க வேண்டும். பிரயோகத்தின் மூன்றாம் பந்தியை நான் அமைத்ததும் அதற்காகத்தான்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் வரும்போது இரண்டாம் வினாவையும் இதே வரிசையில் எழுதிக்கொண்டு வாரும். எழுவினாவை மட்டும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைத் தொடங்கும். அது சரிவராவிட்டால் அன்று அதை மட்டும் இருந்து செய்வோம், மற்ற மூன்றும் அடுத்த கிழமை.

அன்புடன்,
அக்கா