பி-மதிப்பு சொல்லாதது

ஒரு மருந்துச் சோதனையில பி-மதிப்பு 0.03 வந்தா, மருந்து வேலை செய்யாம இருக்க 3 சதவீத வாய்ப்புதான்னு பலர் எடுத்துக்கறோம். அது அதைச் சொல்லல. விளைவே இல்லைன்னு வச்சுக்கிட்டா, இவ்வளவோ இதைவிடப் பெருசாவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்புங்கறதை மட்டும்தான் சொல்லுது.

நமக்கு வேணுங்கறது வேற: இந்தத் தரவுக்கு அப்புறம் எவ்வளவு நம்பலாம்? புதுத் தரவு வந்ததும் முன்னாடி இருந்த நம்பிக்கையைத் திருத்தற பேய்ஸ் தேற்றம் அதைத்தான் கணக்கிடுது. மருந்தாகலாம்னு சோதிக்கற 1000 மூலக்கூறுகள்ல 100தான் உண்மையில வேலை செய்யும்னு வைங்க. சோதனைத் திறன் 80 சதவீதம், அதாவது வேலை செய்யறதுல 80 சதவீதம் சோதனையில தேறும். வரம்பு 0.05, அதாவது பி-மதிப்பு அதுக்குக் கீழ வந்தா தேறினதா அர்த்தம்; வேலை செய்யாததுலயும் 5 சதவீதம் தப்பாத் தேறிடும். சரியாத் தேறுறது 80. மிச்சம் 900ல தப்பாத் தேறுறது 45. ஆக 125ல 80. நம்பிக்கை 10 சதவீதத்துல இருந்து 64 ஆகுது, 95 இல்ல! இந்த 64ஐத் தொடக்கமா வச்சு, தனியா நடத்தின இன்னொரு சோதனையிலயும் தேறினா, ஏறக்குறைய 97.

அந்தத் தொடக்க 10 எங்கிருந்து வந்ததுன்னு கேப்பீங்க. கேக்கணும். வெளிப்படையா எழுதியிருக்கறதால எதிர்த்து வாதாடலாம். 5 போட்டும் 20 போட்டும் பாருங்க.