நெருப்பு எத்தனை நாள் எரியும்?: சொர்க்கம், நரகம், மறுபிறப்பு பற்றிய படிமங்கள்

நரகம் என்றதும் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, சொர்க்கம் என்றதும் தோட்டமும் பாட்டும். இந்தத் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த பக்கத்தில், எல்லா மதங்களிலும் நெருப்பு இருக்கிறது, ஆகவே எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று முடித்துவிடுவார்கள். நெருப்பு எல்லா இடத்திலும் இருப்பது உண்மைதான். ஆனால் அது எத்தனை நாள் எரிகிறது என்று கேட்டால் ஒற்றுமை அங்கேயே உடைந்துவிடும். மறுமைப் படிமங்களை ஒப்பிடும்போது அந்த இடத்தின் அலங்காரத்தைவிட அங்கே தங்கும் காலம்தான் முக்கியம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு என்று நம்பும் மரபுகளில் மறுமைக்கு வாசலும் மதிலும் உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரக வாசலில் உள்ள எழுத்து, தான் என்றென்றும் நிலைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, உள்ளே வருபவர்கள் எல்லா நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும் என்கிறது. அந்த நரகத்தின் அடித்தளத்தில் இருப்பது நெருப்பல்ல, பனிக்கட்டி. துரோகிகள் உறைந்த ஏரிக்குள் கிடக்கிறார்கள். எரியும் பொருள் ஒருநாள் சாம்பலாகிவிடும். உறைந்தது அப்படியே இருக்கும். முடிவில்லாத தண்டனைக்கு இதைவிடப் பொருத்தமான படிமத்தை நான் படித்ததில்லை. குர்ஆனிலும் இதே சிக்கல் வருகிறது: தோல் கருகிவிட்டால் வலி எப்படித் தொடரும்? கருகும்போதெல்லாம் புதுத் தோல் மாற்றித் தரப்படும் என்கிறது நான்காம் அத்தியாயம். லூக்கா நற்செய்தியில், நெருப்பில் கிடக்கும் பணக்காரன் லாசரின் விரல்நுனித் தண்ணீருக்காகக் கெஞ்சுகிறான். இரண்டு பக்கத்துக்கும் நடுவே யாரும் தாண்ட முடியாத பெரும்பிளவு இருக்கிறது என்று பதில் வருகிறது. அந்தக் கதையில் நெருப்பைவிட அந்தப் பிளவுதான் கொடுமை.

சொர்க்கத்துக்கும் இதே கணக்கு. வெளிப்படுத்தல் நூலின் புதிய எருசலேம் முத்து வாசல்களும் பொன் வீதியும் கொண்ட நகரம். குர்ஆனின் சுவனத்தில் நீர், பால், மது, தேன் என நான்கு வகை ஆறுகள் ஓடுகின்றன. பால் திரியாது, நீர் கெடாது. கெடாமல் இருப்பது அங்கே ஒரு முக்கியமான பண்பு. அங்கே போனவர் திரும்பி வரப் போவதில்லை.

இதன் ஒரு விளைவை நம் மொரீஷியஸ் தீவிலேயே பார்க்கலாம். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்த கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லாவாலின் கல்லறைக்கு, ஒவ்வோர் ஆண்டும் அதே நாளையொட்டி ஆயிரக்கணக்கானோர் சேன்ட் குருவாவுக்கு நடந்து போகிறார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, நம் வீட்டுப் பெரியம்மாக்களும்தான். சொர்க்கத்தில் இருப்பவர் அங்கேயே இருப்பார் என்ற உறுதி இருந்தால்தான் அவரிடம் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள முடியும். இந்திரலோகத்துக்குப் போன ஒரு புண்ணியவானிடம் யாரும் இப்படி மனுக் கொடுப்பதில்லை. அவர் இப்போது எங்கே, யாராகப் பிறந்திருக்கிறாரோ!

கிறிஸ்தவ மரபிலேயே கடிகாரம் ஓடும் ஓர் இடமும் உண்டு. கத்தோலிக்கர்களின் உத்தரிக்கும் தலத்தைத் தாந்தே ஒரு மலையாக வரைகிறார், ஏழு அடுக்குகளோடு. அங்கே இருப்பவர்கள் பூமியிலிருந்து வருபவரிடம், என் மகளை எனக்காக ஜெபிக்கச் சொல், என் தவணை குறையும் என்று கேட்கிறார்கள். நரகத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்டுப் பயனில்லை. நவம்பர் முதல் இரண்டு நாட்களில் மொரீஷியஸ் கல்லறைகள் சாமந்திப் பூவால் நிறைவதற்குப் பின்னால் இந்தத் தவணைக் கருத்தும் இருக்கிறது.

சரி, இந்தியப் பக்கம் வருவோம். பாகவத புராணம் 28 நரகங்களைப் பட்டியலிடுகிறது. கும்பீபாகத்தில் எண்ணெய் கொதிக்கிறது. கருட புராணத்தின் வைதரணி ஆற்றில் இரத்தமும் சீழும் ஓடுகின்றன. காட்சியின் கொடூரத்தில் தாந்தேக்கு எந்தக் குறைவும் இல்லை. ஆனால் இவை எல்லாமே சிறைத்தண்டனை போன்றவை. காலம் முடிந்தால் வெளியே விட்டுவிடுவார்கள். பாலி மொழிப் பௌத்த நூலான தேவதூத சுத்தம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. நரகக் காவலர்கள் செய்யும் சித்திரவதைகளை ஒவ்வொன்றாக விவரித்துவிட்டு, அந்தத் தீவினை தீரும்வரை அவன் சாவதில்லை என்று முடிக்கிறது. தீர்ந்த பிறகு சாவு உண்டு. அங்கே சாவதுதான் விடுதலை.

சொர்க்கமும் தவணைதான். புண்ணியம் தீர்ந்ததும் மறுபடி மண்ணுலகம் புகுகிறார்கள் என்கிறது கீதையின் ஒன்பதாம் அத்தியாயம். சேமிப்பைச் செலவழித்துத் தங்கும் இடம் அது. மகாபாரதத்தின் கடைசிப் பகுதி இதை நாடகமாக்குகிறது. தருமர் சொர்க்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவன் துரியோதனன், ஒளிவீசும் ஆசனத்தில்! தம்பிமாரும் திரௌபதியுமோ நரகத்தின் நாற்றத்தில். இந்திரன் தரும் விளக்கம் கணக்குப் பிள்ளையின் விளக்கம்: பாவம் அதிகம் உள்ளவர் சொற்பப் புண்ணியத்தை முதலில் அனுபவித்துவிட்டு நரகம் போவார், புண்ணியம் அதிகம் உள்ளவருக்கு நரகம் முதலில். அசுவத்தாமன் விஷயத்தில் சொன்ன பொய்க்காகத் தருமரும் சற்று நேரம் அதைப் பார்த்தாக வேண்டியிருந்தது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதி வரை பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள்கூட இந்தப் பகுதியை அறிந்திருப்பதில்லை. போர் முடிந்ததும் கதை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்திரனின் சுவர்க்கமும் கைலாசமும் ஒன்றல்ல. போர்ட் லூயிஸில் எல்லாரும் கைலாசோன் என்று அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலின் பெயரில் இருப்பது சிவனின் இடம். அது தவணைக்குக் கிடைப்பதல்ல. ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று எழுதும்போது நாம் இந்திரலோகத்தைச் சொல்லவில்லை. கட்டுரையில் இரண்டையும் சொர்க்கம் என்ற ஒரே தலைப்பில் அடைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

அப்புறம் மறுபிறப்பு. இதற்கு வாசல், மதில், ஆறு எதுவும் கிடையாது. இடமே இல்லாத ஒன்றுக்குக் கவிஞர்கள் என்ன படிமம் தருவார்கள்? வள்ளுவர் மிக எளிதான ஒன்றைத் தருகிறார்: ‘உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு.’ இதில் பயமே இல்லை. ஆனால் அவரே கடவுள் வாழ்த்தில் ‘பிறவிப் பெருங்கடல்’ என்கிறார். ஒருமுறை விழிப்பது சுகம். முடிவில்லாமல் விழித்துக்கொண்டே இருப்பது கரை காணாத கடல். கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

மணிவாசகரிடம் அது களைப்பாகவே மாறுகிறது. புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர் என்று அடுக்கிவிட்டு, ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்’ என்கிறார். பட்டியலின் கடைசியில் இருப்பவர் தேவர் என்பதைக் கவனியுங்கள். புழுவாக இருந்ததும் தேவராக இருந்ததும் அவருக்கு ஒரே அலுப்பு. சாவு வீட்டில் சிவபுராணம் ஓதும்போது இந்த அடிகளைக் கடந்துதான் போகிறோம். ஓதி முடித்ததும் யாராவது, அவர் சொர்க்கத்தில் சுகமாக இருக்கட்டும் என்பார். அப்புறம் திவசத்துக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்போம். மறுபடி பிறந்துவிட்டவர் எப்படி வந்து சாப்பிடுவார்? அவர் எந்தப் பிறவியில் இருந்தாலும் அதற்கேற்ற உணவாகப் போய்ச் சேரும் என்று மரபில் ஒரு பதில் உண்டு. எனக்கு அந்தப் பதிலைவிட, மூன்று நம்பிக்கைகளும் ஒரே கூடத்தில் சண்டையில்லாமல் இருப்பதுதான் சுவாரசியம்.

மணிமேகலை மறுபிறப்பை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது. அப்போது அவள் இலக்குமி. இப்போது அவளைத் துரத்தும் உதயகுமரன் அன்று அவள் கணவன் இராகுலன். அதுவரை தன் மனம் ஏன் அவன்பின் போனது என்று தவித்தவளுக்கு விடை கிடைத்துவிடுகிறது. இங்கே மறுபிறப்பு தண்டனையோ பரிசோ அல்ல. காதலுக்கு ஒரு காரணம், கதையை நகர்த்தும் விசை.

குறளின் நரகத்துக்கு ஒரு பத்தி போதும். அங்கே சித்திரவதைக் காட்சிகள் இல்லை. ‘ஆரிருள்’, ‘தீயுழி’, ‘அளறு’ என்று ஒற்றைச் சொற்கள்தாம். அளறு என்றால் சேறு. ஊன் உண்டவனை விழுங்கிய அந்தச் சேறு மறுபடி வாய் திறக்காது என்கிறது 255ஆம் குறள். ‘அண்ணாத்தல் செய்யாது’ என்ற இரண்டே சொல்லில் அளறுக்கு ஒரு வாய் வந்துவிடுகிறது, 28 நரகங்களின் விவரணையும் தேவைப்படாமல்.

தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் தனிச்சிறப்பு மறுப்பில் இருக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கன் பெயர் சொல்லும் சுவையை விட்டு ‘இந்திர லோகம் ஆளும் அச்சுவை பெறினும் வேண்டேன்’ என்கிறார். அப்பர் ‘நரகத்தில் இடர்ப்படோம்’ என்று ஒரு பாட்டில் நரகத்தைத் தள்ளுகிறார்; இன்னொன்றில், தில்லைக் கூத்தனின் எடுத்த பொற்பாதத்தைக் காணக் கிடைத்தால் ‘மனித்தப் பிறவியும் வேண்டுவதே’ என்கிறார். மணிவாசகரை இளைக்க வைத்த பிறவியை அப்பர் கேட்டு வாங்குகிறார். இருவரும் சைவர்கள், இருவரும் தில்லையைப் பாடியவர்கள். ஒரு மதத்துக்கு ஒரே படிமம் என்று எழுதிவிட முடியாது என்பதற்கு இந்த ஓர் இணையே போதும். தேவதூத சுத்தத்திலும் இதற்கு ஒரு துணை கிடைக்கிறது. குற்றவாளிகளை விசாரித்து முடித்த யமன், தனக்கு மனிதப் பிறவி கிடைக்காதா, புத்தர் ஒருவரின் உபதேசத்தைக் கேட்க முடியாதா என்று ஏங்குகிறான். நரகத்தின் தலைவனுக்கே மேல்நோக்கிய வழி பூமி வழியாகத்தான் போகிறது!

இங்கே சொன்ன தமிழ் நூல்கள் எல்லாவற்றுக்கும் முந்தைய ஒரு பாட்டைக் கடைசியாக வைத்திருக்கிறேன். புறநானூறு 214, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன் பாடியது. நல்வினை செய்யலாமா என்று தயங்குபவர்களிடம், யானை வேட்டைக்குப் போனவன் யானையையே பெறலாம், குறும்பூழ் என்னும் காடை வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் வரலாம் என்று தொடங்குகிறான். உயர்ந்ததை நாடியவர்க்கு வினைப்பயன் உண்டென்றால் ‘தொய்யா உலகத்து நுகர்ச்சியும்’, அதாவது சொர்க்க இன்பமும், கிடைக்கலாம். அந்த உலகம் ‘இல் எனின்’, மறுபடி பிறக்காமல் இருக்கும் நிலை கிடைக்கலாம். மறுபிறப்பே கிடையாது என்றாலும், இமயச் சிகரம்போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு சாவது மிகச் சிறந்தது.

சொர்க்கம் இல்லாமலும் இருக்கலாம், மறுபிறப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று அவன் வாய்விட்டே சொல்கிறான். நரகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து, சில நாட்களில் விடை தெரிந்துவிடும் நிலையில் இருந்தவன் சொன்னது இது.