அண்ணி, மல்லியும் சுக்கும் இல்லை, கண் மருந்து

அண்ணி, கஷாயம் அடுப்பில் இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள். பெத்தம்மா சித்தூரிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உங்கள் போனில் எழுத்தாக வந்ததை அப்படியே குரூப்பில் போட்டிருந்தீர்கள் இல்லையா, இதுதான் அது:

"அம்மாயி அத்தைக்கு கள்ளு நம்பிக்கை உண்டாண்டா. பொழுதுன்னா வேசின மருந்து மல்லி வைய வந்து. இன்கோ மருந்து உண்டு, அது ஒரு சுக்கு சால. ரேப்பு ஏழு கண்டால் இரண்டு."

இதைப் படித்தால் யாருக்கும் சுக்கு மல்லிதான் தோன்றும், உங்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் பெத்தம்மா பேசியது முழுக்கத் தெலுங்கு. நான் இரண்டு தடவை கேட்டேன், இதுதான் சொல்கிறார்:

"அம்மாயி, அத்தகி கள்ளு நொப்பிகா உந்தண்ட. பொத்துன்ன வேசின மந்து மள்ளீ வேயவத்து. இன்கோ மந்து உந்தி, அதி ஒக சுக்க சாலு. ரேப்பு ஏடு கண்டலகி ரண்டி."

அதாவது அத்தைக்குக் கண் வலிக்கிறதாம். காலையில் போட்ட மருந்தைத் திரும்பப் போடக் கூடாது. இன்னொரு மருந்து இருக்கிறது, அது ஒரு சொட்டு போதும். நாளைக்கு ஏழு மணிக்கு வாருங்கள்.

உங்கள் போனில் மொழி தமிழ் என்று வைத்திருக்கிறது, அதனால் அது காதில் விழுந்த சத்தத்துக்கெல்லாம் பக்கத்தில் இருக்கிற தமிழ் வார்த்தையைத் தேடிப் போட்டுவிடுகிறது, புரியவில்லை என்று ஒரு இடத்திலும் விடுவதில்லை. கள்ளு என்றால் தெலுங்கில் கண்கள். மள்ளீ என்றால் மறுபடி. சுக்க என்றால் சொட்டு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது 'வேயவத்து'தான். போடாதே என்று அவர் சொன்னது 'வைய வந்து' என்று விழுந்திருக்கிறது, அந்த 'வேண்டாம்' எழுத்தில் எங்கேயும் இல்லை. 'மந்து' மட்டும் 'மருந்து' என்று சரியாக வந்ததால் மிச்சமும் சரியாக இருக்கும் என்று நம்பத் தோன்றுகிறது. சித்தூர் 1911 வரைக்கும் நம் வட ஆற்காடு ஜில்லாவில்தானே இருந்தது, இரண்டு பேச்சும் இத்தனை பக்கத்தில் இருப்பதால்தான் பிழை கண்ணுக்கே படவில்லை.

பெத்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். டாக்டர் நிறுத்தச் சொன்னது மஞ்சள் மூடி பாட்டில், அதை எடுத்து பீரோ மேலே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவே தடவி எடுத்துப் போட்டுக்கொள்வார். நீல மூடி பாட்டில்தான் இனிமேல், ஆபரேஷன் செய்த கண்ணில் மட்டும், ஒரே ஒரு சொட்டு, முனை இமையில் படாமல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

இனிமேல் பெத்தம்மா மெசேஜ் வந்தால் எழுத்தைப் பார்க்காமல் எனக்கு ஆடியோவை அனுப்புங்கள், வேலையில் இருந்தாலும் கேட்டுச் சொல்கிறேன். நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், குடியாத்தத்திலிருந்து ஐந்தரைக்கே கிளம்பினால்தான் சரிப்படும், ஆட்டோவுக்கு நான் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் மூடி மருந்தை இன்று மதியம் போட்டீர்களா இல்லையா என்று மட்டும் உடனே ஒரு வரி எழுதுங்கள், போட்டிருந்தால் டாக்டருக்கு இப்பவே போன் செய்ய வேண்டும்.